காஞ்சிபுரம் புடவைக்கடையின் பேஜ் கை மாறும்போது: லாகின், காலண்டர், கற்ற பாடம்

"அக்கா, திங்கட்கிழமையிலிருந்து கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் என் பொறுப்பு என்கிறார் முதலாளி. எந்த லாகின் எங்கே இருக்கிறது, வருஷத்தில் எப்போது என்ன போட வேண்டும், இந்த வேலையில் நீங்கள் தெரிந்துகொண்டது என்ன? ஒரே குறிப்பாக எழுதித் தருவீர்களா?"

தம்பி, பாஸ்வேர்டு எதுவும் இந்தக் குறிப்பில் கிடையாது. அவை கடையின் பெயரில் உள்ள பிட்வார்டன் கணக்கில் இருக்கின்றன. அதைத் திறக்கும் மெயின் பாஸ்வேர்டு முதலாளியிடமும் கணக்கர் அண்ணனிடமும் இருக்கிறது. உங்களுக்குத் தனியாக ஒரு கணக்கு போட்டுத் தருவார்கள். இங்கே நான் எழுதுவது, எந்தக் கணக்கு யார் பெயரில் நிற்கிறது, எதை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதை.

முதலில் ஃபேஸ்புக். பேஜுக்கு என்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கிடையாது. நம் சொந்த ஃபேஸ்புக் கணக்கு வழியாகத்தான் பேஜுக்குள் போகிறோம். கடையின் பேஜ், இன்ஸ்டா, விளம்பரக் கணக்கு மூன்றும் business.facebook.com தளத்தில் கடையின் பெயரில் உள்ள ஒரே போர்ட்ஃபோலியோவுக்குள் இருக்கின்றன. Business settings உள்ளே People பகுதியில் இப்போது முதலாளி, அவர் மகள், நான் என்று மூன்று பேர் முழு உரிமையோடு இருக்கிறோம். உங்களை அங்கே சேர்க்க முதலாளியே அழைப்பு அனுப்புவார். நீங்கள் ஏற்றுக்கொண்டபின், உங்கள் போனில், கடை வைஃபையை அணைத்துவிட்டு, சொந்த டேட்டாவில் உள்ளே போய் ஒரு சோதனை போஸ்ட் போட்டு நீக்கிப் பாருங்கள். ஒரு விளம்பரத்தை நிறுத்தித் திரும்ப ஓட விடுங்கள். இன்பாக்ஸில் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுங்கள். இந்த மூன்றும் நடந்தால்தான் உரிமை சரியாக வந்திருக்கிறது என்று பொருள். சில சமயம் பேஜுக்கு உரிமை இருக்கும், விளம்பரக் கணக்குக்கு இருக்காது. அது விளம்பரத்தை அவசரமாக நிறுத்த வேண்டிய நாளில்தான் தெரியவரும்.

என் பெயரை நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. நான் போன பிறகும் முழு உரிமையுள்ளவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே ஆள் இருந்து அவருடைய சொந்தக் கணக்கு முடங்கிவிட்டால், பேஜை யாராலும் திறக்க முடியாமல் போகும். அதனால் முதலாளியும் அவர் மகளும் எப்போதும் அப்படியே இருக்கட்டும், அவர்கள் பேஜைத் திறந்தே பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

இன்ஸ்டா வேறு விதம். அதற்கு ஒரு பொது லாகின் உண்டு. பதிவான மெயில் கடையுடையது, நம்பர் கல்லாவில் இருக்கும் போனின் நம்பர். அந்த போன் இரவு 9 மணிக்குக் கடையோடு பூட்டப்படும். எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பியிருந்தால் இரவில் எதுவும் செய்ய முடியாது. எனவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருக்கிறேன். அதை உங்கள் போனிலும் முதலாளி மகள் போனிலும் அமைத்துத் தருகிறேன். பேக்கப் கோடுகளை அச்செடுத்து உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறது. ஒரு கோடு ஒருமுறைதான் வேலை செய்யும். எடுத்தால் அடித்துவிடுங்கள். இன்னொன்று, இன்ஸ்டாவின் Accounts Center பகுதியில் கடைக் கணக்கோடு நம் சொந்தக் கணக்கைச் சேர்க்கச் சொல்லி அடிக்கடி கேட்கும். சேர்க்காதீர்கள். சேர்த்தால் இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரிக்கும்போது சிரமம்.

யூடியூபும் கூகுள் மேப்ஸில் வரும் கடைப் பக்கமும் கடையின் ஜிமெயில் பெயரில் இருக்கின்றன, அவற்றில் சொந்தம் மாற்ற வேண்டியதே இல்லை. யூடியூப் ஸ்டூடியோவில் உங்களை மேனேஜராகச் சேர்ப்போம். மேப்ஸ் பக்கத்தில் புதிதாகச் சேர்க்கப்படுபவர் மற்றவர்களை நீக்குவது போன்ற பெரிய காரியங்களைச் செய்ய 7 நாள் காத்திருக்க வேண்டும். அதைக் கணக்கில் வைத்துத்தான் நான் கிளம்புவதற்கு முன்னாலேயே உங்களைச் சேர்க்கச் சொன்னேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் கல்லா போனில் ஓடுகிறது. நீங்கள் கம்ப்யூட்டரில் இணைத்துப் பயன்படுத்தலாம். போனைத் தவிர நான்கு கருவிகள் வரை இணையும். போனை 14 நாள் யாரும் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்தவை எல்லாம் தானாக வெளியேறிவிடும். ஆறு இலக்க பின் நம்பர் பிட்வார்டனில் இருக்கிறது, மீட்பு மெயிலாகக் கடை மெயில் கொடுத்திருக்கிறது. அந்த மெயிலை எடுத்துவிடாதீர்கள். பின் நம்பரும் மறந்து, மெயிலும் இல்லை என்றால், புது போனில் நம்பரைப் பதிய 7 நாள் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் போன் மாற்றுவது, சிம் மாற்றுவது எல்லாவற்றையும் மார்கழியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அப்போது முகூர்த்தம் கிடையாது, கடையில் கூட்டம் குறைவு.

விளம்பரக் கணக்கில் இருப்பது முதலாளியின் கார்டு. கடையின் ஜிஎஸ்டி எண் அதில் பதிவாகி இருக்கிறது. மாதம் பிறந்ததும் முந்தைய மாத இன்வாய்ஸ்களை இறக்கிக் கணக்கர் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, காலண்டர். கூகுள் ஷீட்டில் நான் போட்டு வைத்திருப்பதைத் திறந்தால் பண்டிகைத் தேதிகளைவிட வேறு தேதிகள்தான் அதிகம் தெரியும். காரணம் சொல்கிறேன். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அக்டோபர் கடைசி வாரத்தில் பட்டுப்புடவை ரீல்ஸைக் குவிப்பார்கள். நம் கடைக்கு அது தாமதம். பட்டு எடுக்கிறவர் பிளவுஸ் தைக்க வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும், குஞ்சம் கட்ட வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பல தையல்காரர்கள் 'இனி ஆர்டர் எடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாள்தான் பட்டுக்கு நிஜமான கடைசி நாள். நம் தெருவில் இருக்கும் மூன்று தையல் கடையிலும் செப்டம்பரிலேயே போய் எந்தத் தேதிவரை எடுப்பார்கள் என்று கேட்டு ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 25 என்று சொன்னால், பட்டு ரீல்ஸின் உச்சம் அக்டோபர் 10 முதல் 20 வரை இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தைக்கத் தேவையில்லாதவை: காட்டன், ரெடிமேட் பிளவுஸோடு வரும் புடவை, வேட்டி சட்டை, பாவாடைத் துணி.

அதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அக்டோபரில் காட்ட வேண்டிய புடவை அதற்கு முன்பே தறியிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்திருக்க வேண்டும். நம் ஊரில் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைப்பதை நீங்களும் காலையில் பார்த்திருப்பீர்கள். மழை பிடித்தால் அந்த வேலை நின்றுவிடும். குழித்தறியில் தண்ணீர் ஊறினால் நெசவும் நிற்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே 'அடுத்த வாரம் புது டிசைன் வருகிறது' என்று அக்டோபரில் போஸ்ட் போடாதீர்கள். நெசவாளர்கள் நல்ல மனதோடுதான் தேதி சொல்வார்கள், மழை அவர்கள் கையில் இல்லை. சரக்கு கடைக்கு வந்து, விலைச்சீட்டு ஒட்டிய பிறகு மட்டுமே படம் எடுங்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் வந்துவிடும் புடவைகளைச் செப்டம்பரில் ஷூட் செய்துவிட்டால், அக்டோபரில் நீங்கள் ஓட வேண்டிய அவசியம் இருக்காது.

ஆடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை 17 வாக்கில் பிறந்து ஆகஸ்ட் நடுவரை போகும். தள்ளுபடி விற்பனை காட்டனிலும் ஃபேன்சியிலும் நடக்கும். முகூர்த்தப் பட்டு எடுக்க அந்த மாதத்தில் பலர் தயங்குவார்கள். ஆனால் பார்ப்பதை நிறுத்துவதில்லை. ஆடியில் போடும் கல்யாணப்பட்டு ரீல்ஸுக்கு லைக் சுமாராகத்தான் வரும், சேவ் எண்ணிக்கையைப் பாருங்கள், அது ஏறும். ஆவணி பிறந்ததும் அதே படத்தை ஸ்கிரீன்ஷாட்டாகக் காட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். 'லைக் வரவில்லை, கல்யாணப்பட்டை நிறுத்து' என்று யாராவது சொன்னால் சேவ் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். அப்புறம், ஆடியில் யாராவது ஒரு புடவையைக் கேட்டு மெசேஜ் செய்தால், அதன் எண்ணோடு அவர் பெயரை வாட்ஸ்அப்பில் லேபிள் போட்டு வையுங்கள். ஆவணி முதல் வாரத்தில் 'அந்தப் புடவை இன்னும் இருக்கிறது' என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். எனவே பில் போடும்போதே 'நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல கேஷியர் அண்ணனைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேமிக்காதவர்களை எத்தனை பட்டியலில் சேர்த்தாலும் பயனில்லை.

முதலாளி புது கலெக்‌ஷனின் முதல் போஸ்ட்டை நல்ல நேரம் பார்த்துத்தான் போடச் சொல்வார், ராகு காலம் கூடாது. ஷீட்டில் அந்தந்த நாளுக்கு எதிரே எழுதியிருக்கிறேன். அவருக்கு அது முக்கியம், நமக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

தெரிந்துகொண்டவை என்று கேட்டீர்கள். முதலில் நிறம். திரும்பி வரும் புடவைகளில் பெரும்பாலானவை 'படத்தில் வேறு கலர்' என்றுதான் வருகின்றன. கடைக்குள் இருக்கும் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அரக்கு பழுப்பாகவும், வாடாமல்லி நீலம் பாய்ந்தும் தெரியும். போன் கேமராவும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெள்ளையின் அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும். மாடியில் வடக்கு ஜன்னல் ஓரம், காலை 10 மணிக்கு மேல், நேர் வெயில் படாத இடத்தில் எடுங்கள். கேமராவின் புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை 5500 அருகில் பூட்டிவிட்டு, முதல் ஷாட்டில் ஒரு வெள்ளை வேட்டியை வைத்துப் பாருங்கள். வேட்டி வெள்ளையாகத் தெரிந்தால் புடவையும் சரியாகத் தெரியும். ஃபோகஸைப் புடவையின் உடலில் தொட்டு வையுங்கள். ஜரிகையில் தொட்டால் மொத்தப் படமும் இருண்டு, உடல் நிறம் ஒரு படி அடர்த்தியாகிவிடும்.

மயில் கழுத்து போன்ற இரட்டை நிறங்களை ஒற்றைப் படத்தில் கொண்டுவர முடியாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் கோணம் மாறும்போது நிறமும் மாறும். அவற்றுக்குக் கட்டாயம் வீடியோ எடுங்கள், மடிப்பைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். வாங்குகிறவர் பணம் கட்டும் முன் அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இந்த இரண்டு நிறமும் தெரியும், சம்மதமா' என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி பிறகு வரும் சண்டையைத் தடுக்கும்.

விலையைப் போஸ்ட்டிலேயே எழுதுங்கள். 'இன்பாக்ஸில் வாருங்கள்' என்று பதில் போட்டால், வருகிறவர்களைவிடக் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். கூடவே எடை, பிளவுஸ் துணி உண்டா இல்லையா, கைத்தறியா விசைத்தறியா என்பதும் இருக்கட்டும். பில்லில் என்ன எழுதுகிறோமோ அதுவேதான் கேப்ஷனிலும். சில்க் மார்க் லேபிள் இருக்கும் புடவைக்கு மட்டும் தூய பட்டு என்று எழுதுங்கள். ஜரிகை கலப்பு என்றால் கலப்பு என்றே எழுதுங்கள். வாங்குகிறவர் ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பார், நுகர்வோர் ஆணையத்தில் அது சாட்சியாகும். அதைவிட, இந்த ஊர் பெயரைச் சொல்லி விற்கிறோம். தறியில் உட்கார்ந்தவரின் உழைப்புக்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

சினிமாப் பாட்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள். பிசினஸ் கணக்குக்கு இன்ஸ்டா எல்லாப் பாட்டையும் தராது. சொந்த போனில் எடிட் செய்து பாட்டை ஒட்டி ஏற்றினால் சத்தம் அடைக்கப்படலாம், ரீல் நீக்கப்படலாம், அதை விளம்பரமாக ஓட்டவும் முடியாது. தறிச் சத்தத்தை நானே நெசவாளர் வீடுகளில் பதிவு செய்து டிரைவில் வைத்திருக்கிறேன். நம் ரீல்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான ஓசை இல்லை என்பது என் எண்ணம்.

இனி நிறுத்த வேண்டிய நாட்கள். 2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மாலை கலைஞர் மறைந்தபோது தமிழ்நாட்டில் ஆடி விற்பனை நடந்துகொண்டிருந்தது, அரசு 7 நாள் துக்கம் அறிவித்தது. அப்படி ஒரு செய்தி வரும்போது முன்பே நேரம் வைத்த 'கொண்டாட்டம்' போஸ்ட் ஒன்று வெளியே போனால் வாடிக்கையாளர்கள் அதை மறக்க மாட்டார்கள். முதலில் பிசினஸ் சூட்டின் பிளானரில் அன்றும் மறுநாளும் போகவேண்டியவற்றைத் தள்ளி வையுங்கள். அடுத்து விளம்பரங்கள். பலர் போஸ்ட்டை நிறுத்திவிட்டு விளம்பரத்தை மறந்துவிடுவார்கள், அது ஆட்ஸ் மேனேஜரில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, வாட்ஸ்அப்பின் தானியங்கி வரவேற்புச் செய்தி. அதில் 'தள்ளுபடி' என்று இருந்தால் மாற்றுங்கள். யூடியூபில் நேரம் வைத்த வீடியோ இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதலாளிக்கு போன். அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரங்கல் போஸ்ட் போடுவதா என்பது மட்டும் அவர் முடிவு.

புயல், வெள்ளம் என்றாலும் இதே வரிசைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது, அதே மாதம் நடுவில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வாரத்தில் போட வேண்டிய ஒரே போஸ்ட், எந்த ஊர்ப் பார்சல் எத்தனை நாள் தாமதம் என்பது. அதைப் போட்டால் 'எங்கே என் புடவை' என்ற மெசேஜ்கள் வெகுவாகக் குறையும்.

போலிப் பக்கங்கள் தீபாவளி நெருங்கும்போது முளைக்கும். நம் படங்களை எடுத்து, பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, பட்டுப்புடவை 499 ரூபாய் என்று விளம்பரம் ஓட்டுவார்கள். ஏமாந்தவர் நம் கடைக்குத்தான் போன் செய்வார். அவரிடம் கோபப்படாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணில் அழைக்கவும், cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கவும் சொல்லுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை வங்கியில் தடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. பிறகு நீங்கள் அந்தப் பக்கத்தை ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். நம் பேஜில் கடையின் ஒரே வாட்ஸ்அப் நம்பரையும் யுபிஐ பெயரையும் எழுதி மேலே பின் செய்து வைத்திருக்கிறேன், அதை எடுக்க வேண்டாம்.

இன்பாக்ஸில் இன்னொரு தொல்லை வரும். 'உங்கள் பேஜ் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று மெட்டா சப்போர்ட் போலப் பெயர் வைத்த ஒருவர் லிங்க் அனுப்புவார். நிஜமான எச்சரிக்கை வாடிக்கையாளர் இன்பாக்ஸுக்கு வராது. பிசினஸ் சூட்டின் அறிவிப்புகளிலும் பேஜின் நிலையைக் காட்டும் பகுதியிலும்தான் இருக்கும். மெயிலில் வந்தால், Accounts Center உள்ளே Password and security பகுதியில் அவர்கள் அண்மையில் அனுப்பிய மெயில்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லாத மெயிலைத் திறக்கவே வேண்டாம். கேஷியர் அண்ணனுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், கல்லா போனில் அந்த மெசேஜை முதலில் பார்ப்பது அவர்தான்.

முடியாமல் நிற்கும் வேலைகள் இரண்டு. மாடல் வைத்து எடுத்த கல்யாணப்பட்டுப் படங்களுக்கு ஒப்பந்தம் ஒரு வருஷம், அது செப்டம்பர் 30-இல் முடிகிறது. நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வராவிட்டால் அக்டோபர் 1-க்குள் அந்தப் படங்களை விளம்பரங்களிலிருந்தும் வாட்ஸ்அப் கேட்டலாக்கிலிருந்தும் எடுத்துவிடுங்கள், டிரைவில் அவை தனி ஃபோல்டரில் இருக்கின்றன. அடுத்தது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மாவின் எம்.எஸ். ப்ளூ புடவை. கரை ஓரம் நூல் பிரிந்திருக்கிறது என்று வீடியோ அனுப்பியிருக்கிறார். மாற்றித் தர முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார், பழைய புடவை இன்னும் வந்து சேரவில்லை. அவர் வாட்ஸ்அப் அரட்டைக்கு 'மாற்று' என்று லேபிள் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவருக்கு நீங்களே போன் செய்து, இனி தொடர்புகொள்ள வேண்டியவர் நீங்கள் என்று பெயர் சொல்லித் தெரிவித்துவிடுங்கள்.